பூமியின் வயதை எந்தக் கல்லிடம் கேட்பது?

கீழடியில் கிடைத்த கரித்துண்டைக் கார்பன் முறையில் ஆய்ந்து, சுமார் 2,600 ஆண்டுப் பழமை என்று சொன்னபோது நம்மில் பலருக்கு அந்த முறை அறிமுகமாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்று கேட்டதும் "அதுவும் கார்பன் கணக்குதானே" என்று நினைத்துக்கொள்கிறோம். கார்பன் 14 அணுக்கள் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் போனால் எண்ணுவதற்குக் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது. அதோடு, அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்து காற்றிலிருந்து கார்பனை வாங்கிய பொருளுக்கான முறை. பாறை எந்தக் காலத்திலும் மூச்சு விட்டதில்லை. ஆகவே கார்பனை இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம்.

மிச்சமிருப்பவை மெதுவாக ஓடும் கடிகாரங்கள். பொட்டாசியம் 40 ஆர்கானாக மாறுவது, ருபிடியம் 87 ஸ்ட்ரான்சியமாக மாறுவது, யுரேனியம் ஈயமாக மாறுவது ஆகியவைதான் இவற்றில் முக்கியமானவை. கணக்கின் அடிப்படை என்னவோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தாய் அணு எவ்வளவு மிச்சம், சேய் அணு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, தாய் எந்த வேகத்தில் சிதைகிறது என்ற மூன்றும் தெரிந்தால் வயது வந்துவிடும்:

```
t = (1/λ) × ln(1 + D/P)
```

இதில் P தாய், D சேய், λ சிதைவு வேகம். பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது. சிக்கல் D-யில்தான். நாம் இன்று அளக்கும் சேய் அணுக்களில் எத்தனை உண்மையிலேயே அந்தக் கல்லுக்குள் பிறந்தவை, எத்தனை ஆரம்பத்திலேயே உள்ளே இருந்தவை, நடுவில் எத்தனை கசிந்து போயின? எந்தக் கல்லை எடுப்பது, எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்ற முடிவு இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் பொட்டாசியம்–ஆர்கான். பொட்டாசியம் 40-இன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். இந்த வேலைக்குப் பொருத்தமான வேகம்தான். ஆர்கான் ஒரு வாயு என்பதால், பாறை உருகிய குழம்பாக இருக்கும்போது வெளியேறிவிடும். குழம்பு இறுகிய பிறகு உள்ளே பிறப்பது மட்டும் சிக்கிக்கொள்ளும். ஆரம்பத்தில் சேய் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம், கணக்கும் சுலபம். நிலத்தில் மெல்ல ஆறிய எரிமலைப் பாறைக்கு இது பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் ஹவாயின் கிலவேயா எரிமலையிலிருந்து ஆழ்கடலுக்குள் வழிந்த லாவாவை 1960-களில் சோதித்தார்கள். புவியியல் கணக்கில் அது நேற்றுப் பிறந்த பாறை. கடல்நீர் பட்டு நொடியில் கண்ணாடியாக உறைந்த அதன் மேற்பரப்பு ஒரு கோடி ஆண்டுக்கு மேல் வயது காட்டியது. மேலே இருந்த நீரின் அழுத்தமும் உறைந்த வேகமும் ஆர்கானை வெளியேற விடவில்லை.

விண்கல்லுக்கு இந்தக் கடிகாரத்தை வைத்தால் நேர்மாறான தொல்லை வரும். சில நூறு டிகிரி சூடு பட்டாலே ஆர்கான் நழுவத் தொடங்கிவிடும். எல் வகைக் காண்ட்ரைட் என்று ஒரு விண்கல் குடும்பம் உண்டு, பூமியில் அடிக்கடி விழுவது. அதில் கணிசமான கற்கள் ஆர்கான் முறையில் சுமார் 47 கோடி ஆண்டு என்றுதான் சொல்கின்றன. அவற்றின் தாய்க்கோள் அப்போது பெரிய மோதலில் உடைந்தது, அந்தச் சூட்டில் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விட்டது. மோதலின் தேதி வேண்டுமென்றால் ஆர்கான் அருமையான தேர்வு. பிறந்த தேதிக்கு அதை நம்பக்கூடாது.

அடுத்தது, பலருக்கும் பிடித்த சிர்கான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்களே, அதே கனிமம்தான். படிகமாக வளரும்போது சிர்கோனியத்தின் இடத்தில் யுரேனியத்தை விரும்பி ஏற்றுக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுதாக ஒதுக்கிவிடும். ஆக, இன்று சிர்கானுக்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய எல்லாமே உள்ளே பிறந்ததுதான். 900 டிகிரி செல்சியஸ் சூட்டையும் பெரும்பாலும் தாங்கும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. யுரேனியத்தில் இரண்டு வகை. யுரேனியம் 238 பாதியாக 447 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஈயம் 206 ஆகிறது. யுரேனியம் 235-க்கு வெறும் 70 கோடி ஆண்டு போதும், அது ஈயம் 207 ஆகிறது. ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். நடுவில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் வெவ்வேறு மணி காட்டும். அதை வைத்தே படிகம் கெட்டுப்போனது என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டும் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம். "பழங்காலத்தில் சிதைவு வேகமே வேறாக இருந்திருந்தால்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேயே பாதி இருக்கிறது. வேகங்கள் மாறியிருந்தாலும், இந்த இரண்டும் தம் வேறுபட்ட வேகங்களை மீறி ஒரே வயதில் வந்து நிற்கும்படி கச்சிதமாக மாறியிருக்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்னும் குன்றுகள். அங்குள்ள கூழாங்கல் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழையது. ஆனால் அதற்குள் அகப்பட்டிருக்கும் சிர்கான் மணிகள் இன்னும் பழைய, இன்று இல்லாத ஏதோ ஒரு பாறையிலிருந்து அரித்து வந்தவை. 2001-இல் அதில் ஒரு மணிக்கு 440 கோடி ஆண்டு என்று வந்தது. மணிக்குள் ஈயம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து, அளந்த புள்ளியில் மட்டும் அதிகமாகக் குவிந்து பொய் வயது காட்டியிருக்கலாமே என்ற சந்தேகம் எழுந்தது. நியாயமான சந்தேகம்தான். 2014-இல் 437 கோடி ஆண்டுப் பழைய இன்னொரு மணியை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஈயம் நகர்ந்திருந்தது உண்மை. ஆனால் மிகச்சிறிய கொத்துகளாகத்தான் கூடியிருந்தது. வயதை அளக்கப் பயன்படும் அயனிக் கற்றை விழும் வட்டத்தோடு ஒப்பிட்டால் அந்த நகர்வு அற்பம். வயது நின்றது.

எனக்கும் சிர்கான்மேல் மரியாதை உண்டு. ஒரு பாறையின் வயது கேட்டால் முதலில் அதைத்தான் தேடுவேன். சென்னைப் பல்லாவரத்துச் சார்னோக்கைட் பாறையைக் கொடுத்தாலும் அதற்குள் சிர்கான் தேடி அளப்பதுதான் முறை, 250 கோடிக்குப் பக்கத்தில் வரும். ஆனால் நம் கேள்வி பாறையின் வயது இல்லை, பூமியின் வயது. சிர்கான் பிறக்க வேண்டுமென்றால் பூமி ஏற்கெனவே திரண்டு, உருகி, ஆறி, மேலோடு கட்டியிருக்க வேண்டும். "நான் பிறந்தபோது பூமி இருந்தது" என்பதுதான் அது தரும் சாட்சி. அதற்கு எவ்வளவு காலம் முன்பிருந்து இருந்தது என்று அதற்குத் தெரியாது. முழுப் பாறையாக எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். கனடாவின் அகாஸ்டா நைஸ் பாறை 403 கோடியோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தியவற்றைப் பூமி தானே உருக்கிக் கலைத்துவிட்டது.

பூமிக்குள் பதில் இல்லையென்றால் வெளியே போக வேண்டும். சூரியக் குடும்பம் உருவானபோது மிஞ்சிப்போன, அப்புறம் பெரும்பாலும் உருகாத கற்கள் விண்கற்கள். அவற்றில் இரண்டு கடிகாரங்கள் போட்டி போடுகின்றன.

ஒன்று ருபிடியம்–ஸ்ட்ரான்சியம். இங்கே ஆரம்பத்தில் சேய் பூஜ்யம் என்று சொல்லவே முடியாது, ஸ்ட்ரான்சியம் எல்லாக் கல்லிலும் உண்டு. அதற்கு ஓர் அழகான மாற்றுவழி வைத்திருக்கிறார்கள். ஒரே கல்லின் வெவ்வேறு கனிமங்களைத் தனித்தனியாக அளப்பது. கல் உருவான நாளில் எல்லாக் கனிமத்திலும் ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் ஒன்றுதான், ருபிடியம் மட்டும் கூடக்குறைய. காலம் போகப் போக ருபிடியம் அதிகம் உள்ள கனிமத்தில் விகிதம் அதிகம் ஏறும். வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும், கோட்டின் சாய்வே வயது. இதை ஐசோக்ரான் என்பார்கள். ஆரம்ப அளவைத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை, கோடே அதைச் சொல்லிவிடும். கல் நடுவில் கெட்டிருந்தால் புள்ளிகள் கோட்டிலிருந்து சிதறும்.

இந்த முறையில் விண்கற்கள் 450 கோடியை ஒட்டிய வயதைத்தான் தருகின்றன. அப்புறம் ஏன் இதோடு முடித்துக்கொள்ளவில்லை? ருபிடியம் மிக மிக மெதுவாகச் சிதைவது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். 4,880 கோடியா 4,960 கோடியா என்பதிலேயே நெடுநாள் இழுபறி இருந்தது. ஒன்றரை சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். 455 கோடியில் அது ஏழு கோடி ஆண்டு! டைனோசர்கள் அழிந்து இன்றுவரை ஓடிய காலத்தைவிட அதிகம். அதனால் ருபிடியத்தை இன்னொரு தனிச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், இறுதித் தீர்ப்பை அதனிடம் விடமுடியாது.

மற்றது ஈயம்–ஈயம் முறை. யுரேனியத்தையே அளக்காமல், மூன்று ஈயங்களின் விகிதத்தை மட்டும் அளப்பது. ஈயம் 204 எதிலிருந்தும் பிறப்பதில்லை. ஆதியில் இருந்தது அப்படியே இருக்கும். அதை அளவுகோலாக வைத்து 206 எவ்வளவு, 207 எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பழங்காலத்தில் யுரேனியம் 235 நிறைய இருந்ததால் 207 வேகமாகச் சேர்ந்தது. இன்று 235 தீரும் தறுவாயில் இருக்கிறது, ஒரு 235 அணுவுக்குக் கிட்டத்தட்ட 138 யுரேனியம் 238 அணுக்கள். எனவே கல் எவ்வளவு பழையதோ, 206-ஓடு ஒப்பிட்டால் அவ்வளவு அதிகம் 207 சேர்ந்திருக்கும். ஐசோக்ரான் கோட்டின் சாய்வு 300 கோடி ஆண்டுக்கு 0.22, 400 கோடிக்கு 0.43, 450 கோடிக்கு 0.60. வயது கூடக் கூடச் சாய்வு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது பாருங்கள். நமக்குத் தேவையான இடத்தில்தான் இந்தக் கடிகாரத்தின் முள் வேகமாக நகர்கிறது. நேற்றைக்கு ஈயம் கசிந்திருந்தாலும் விகிதம் மாறாது, மூன்றும் சேர்ந்துதானே போகும். யுரேனியம் அண்மையில் கரைந்து போயிருந்தாலும் கவலையில்லை.

இந்தத் தேர்வைச் செய்து காட்டியவர் அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பாட்டர்சன். கோட்டுக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும், அதாவது யுரேனியம் கலப்பே இல்லாத ஆதி ஈயம். அரிசோனாவில் அந்தப் பெரிய பள்ளத்தைத் தோண்டிய கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல்லில், ட்ரொய்லைட் என்ற இரும்பு சல்பைடு முடிச்சுகள் இருக்கின்றன. ஈயத்துக்குக் கந்தகம் பிடிக்கும், அது ட்ரொய்லைட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யுரேனியத்துக்கு அங்கே வேலையில்லை. ஆகவே சூரியக் குடும்பம் தொடங்கிய நாளின் ஈயம் அதில் கிட்டத்தட்ட மாறாமல் இருக்கிறது. மறுமுனைக்கு நியூவோ லரேடோ என்ற கல் விண்கல். அது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை போன்றது. எளிதில் ஆவியாகும் ஈயம் போய் யுரேனியம் மிஞ்சிய கல் என்பதால், அதில் பிறந்த ஈயம்தான் அதிகம்.

அவர் 1956-இல் வெளியிட்ட எண்களில் இந்த இரண்டை மட்டும் எடுத்து நாமே போட்டுப் பார்க்கலாம். ஈயம் 204-ஐ ஒன்றாக வைத்தால், கேன்யன் டயாப்லோவில் 206 என்பது 9.46, 207 என்பது 10.34. நியூவோ லரேடோவில் முறையே 50.28, 34.86.

```
(34.86 - 10.34) / (50.28 - 9.46) = 24.52 / 40.82 = 0.60
```

இன்றைய சிதைவு மாறிலிகளை இட்டால் 451 கோடிக்குப் பக்கத்தில் வருகிறது. பாட்டர்சன் அன்றைக்கு இருந்த மாறிலிகளோடு, மூன்று கல் விண்கற்கள், இரண்டு இரும்பு விண்கற்கள் என ஐந்தையும் சேர்த்து 455 கோடி, ஏழு கோடி கூடக்குறைய என்று எழுதினார். நம் இரண்டு புள்ளிக் கணக்கும் அந்த வரம்புக்குள்தான் விழுகிறது.

சரி, இது விண்கற்களின் வயது. பூமி எங்கே வந்தது? கட்டுரையின் முக்கியமான படி இதுதான் என்பேன். பாட்டர்சன் ஆழ்கடல் வண்டல் ஈயத்தையும் அதே வரைபடத்தில் குறித்தார். நதிகள் கண்டங்களை எல்லாம் அரித்துக் கடலில் கொட்டுவதால், கடல் வண்டல் என்பது பூமி மேலோட்டின் சராசரி மாதிரி. அதன் புள்ளி விண்கல் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. பூமியும் விண்கற்களும் ஒரே ஈயத்தோடு ஒரே காலத்தில் தொடங்கியவை என்றால் மட்டுமே இப்படி விழும். பூமியின் வயதை விண்கல்லிடம் கேட்கலாம் என்ற உரிமை நமக்கு இந்தப் புள்ளியால்தான் கிடைக்கிறது.

இந்த முறையின் பெரிய எதிரி அழுக்கு. அந்தக் காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். தூசி, குழாய் நீர், ஆய்வகப் புட்டி, தலைமுடி என்று எல்லாவற்றிலும் ஈயம். விண்கல்லில் இருக்கும் ஈயமோ மிகக் கொஞ்சம். பாட்டர்சன் ஆண்டுக்கணக்கில் கழுவுவதிலும் துடைப்பதிலும் செலவிட்டு, கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் தனிச் சுத்த அறை அமைத்த பிறகே நம்பகமான அளவுகள் கிடைத்தன. 1953-இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தார். (இந்த ஆர்கான் அந்த வாயு இல்லை, ஒரு காட்டின் பெயர்.)

இங்கே ஒரு நுணுக்கமான பொறி இருக்கிறது, எளிய விளக்கங்களில் இதைப் பார்க்க முடியாது. இன்றைய பூமி ஈயமும் அதே கோட்டுக்குப் பக்கத்தில்தான் விழுகிறது அல்லவா? அப்படியானால் விண்கல்லில் பூமியின் ஈயம் கலந்துவிட்டாலும் புள்ளி கோட்டைவிட்டு வெளியே வராது, கோட்டின் மேலேயே சற்று நகரும். படம் அழகாக இருக்கும், அழுக்கு மறைந்திருக்கும். பாட்டர்சனின் மற்ற இரண்டு கல் விண்கற்களான ஃபாரஸ்ட் சிட்டி, மோடோக் ஆகியவற்றின் எண்கள் இன்றைய பூமி ஈயத்தை ஒட்டியே இருக்கின்றன. பின்னாளில் இப்படிப்பட்ட கற்களில் யுரேனியத்தையும் அளந்து பார்த்தபோது, அந்த யுரேனியம் பெற்றிருக்கக்கூடியதைவிட அதிக ஈயம் இருந்தது. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி பூமியில் ஒட்டிக்கொண்டது என்பதுதான் இன்றைய புரிதல். அதனால் இப்போதெல்லாம் கல்லை அமிலத்தில் கட்டம் கட்டமாகக் கழுவி, முதலில் வரும் ஒட்டுண்ணி ஈயத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் எஞ்சும் ஈயத்தை அளக்கிறார்கள். நியூவோ லரேடோ போல் கோட்டின் தொலைதூரத்தில் நிற்கும் கல் ஏன் அவ்வளவு மதிப்பு என்பதும் இதனால் புரியும். அத்தனை தூரத்துக்கு அழுக்கு எதையும் தள்ளிக்கொண்டு போகாது.

ஆகவே பூமியின் வயதுக்கு ஒரே ஒரு அளவீட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் தேர்வு விண்கல்லில் ஈயம்–ஈயம். பாறைக்கு என்றால் சிர்கான், மோதலுக்கு என்றால் ஆர்கான். ருபிடியம், முதலாவது பதிலைக் குறுக்கு விசாரணை செய்ய.

ஆனால் இந்தத் தேர்வுக்கும் ஒரு விளிம்பு உண்டு. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே போன்ற விண்கற்களில் வெள்ளையாகத் தெரியும் கால்சியம்–அலுமினியத் துணுக்குகள் இருக்கும். சூரியக் குடும்பத்தில் முதலில் உறைந்த திடப்பொருள் அவை. இந்த வகைத் துணுக்குகளை ஈயம்–ஈயம் முறையில் அளந்தால் 456.7 கோடி ஆண்டு, தசம இடம் வரை உறுதியாக வருகிறது. பூமிக்கு அப்படி ஒரு தேதி எழுத முடியாது. காரணம் கருவியில் இல்லை. பூமி ஒரே நாளில் பிறக்கவில்லை, சிறு கோள்கள் மோதி மோதிச் சில கோடி ஆண்டுகளில் திரண்டது. இன்று கவனமாக அளந்தால் பூமியின் சராசரி ஈயம் பாட்டர்சன் கோட்டில் துல்லியமாக உட்காராமல் சற்று வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. திரளும்போதும் இரும்பு உள்ளே அமிழ்ந்து மையக்கரு ஆனபோதும் ஈயம் இடம் மாறியதன் தடம் அதில் கலந்திருக்கலாம். 454 கோடி என்று எழுதிவிட்டு ஐந்து கோடி கூடக்குறைய என்று சேர்ப்பது இதனால்தான்.

அந்த ஐந்து கோடிக்குள் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் யுரேனியம் உதவாது, கடிகாரத்தையே மாற்ற வேண்டும். 89 லட்சம் ஆண்டில் பாதியாகும் ஹாஃப்னியம் 182 அதற்கு ஏற்றது. அது டங்ஸ்டன் 182 ஆகிறது. டங்ஸ்டன் இரும்போடு மையக்கருவுக்குப் போய்விடும், ஹாஃப்னியம் பாறையிலேயே தங்கும். மையக்கரு சீக்கிரம் பிரிந்திருந்தால் மேலே இருக்கும் பாறையில் டங்ஸ்டன் 182 கூடுதலாக மிஞ்சும், தாமதமாகப் பிரிந்திருந்தால் குறைவாக இருக்கும். பூமியின் பாறையில் அது விண்கல்லைவிடப் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கூடுதல். முதல் துணுக்குகள் உறைந்து மூன்று கோடி ஆண்டுகளோ அதற்கும் மேலோ ஆகியே மையக்கரு பிரிந்து முடிந்தது என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். அந்தத் தாய் அணு ஒன்றுகூட இன்று மிச்சமில்லை.